தினசரிப் பயணத்துக்குக் குடையும் மழைக்கோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலைக்கு நடந்தும், எல்.ஆர்.டி., பஸ் பிடித்தும், மோட்டாரிலும் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. காற்றுக்கு எது தாங்கும், துணியின் பூச்சு எவ்வளவு நாள் உழைக்கும் என்ற இரண்டை மட்டுமே இங்கே பார்க்கிறோம். அழகு, நிறம், பிராண்ட் எல்லாம் உங்கள் விருப்பம்.

குடை வாங்குறதா, ரெயின்கோட் வாங்குறதா? ரெண்டும் தூக்கிட்டு அலைய முடியாது.

வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் என்று ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவாக நடப்பவருக்குக் குடை போதும். மழைக்கோட்டை மாட்டிக் கழற்றும் நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஈரக் கோட்டோடு ரயிலில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரும் நனைவார்.

மோட்டாருக்கு மழைக்கோட்டுதான், அதுவும் மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக உள்ளது. குடை பிடித்துக்கொண்டு மோட்டார் ஓட்டுவது பற்றிய பதில் ஒரே சொல்: வேண்டாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பிடித்தாலும் அதே பதில்தான். ஏன் என்பதற்கான கணக்கு இரண்டு கேள்விகள் தள்ளி வருகிறது.

"விண்ட்புரூஃப்"னு லேபிள் ஒட்டியிருக்கு. நம்பி வாங்கலாமா?

அந்த லேபிளை ஒட்டுவதற்கு எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட ஒரே சோதனை என்று எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்திருக்கும். இன்னொன்று குடை தலைகீழாகத் திரும்பினாலும் உடையாமல் பழைய நிலைக்கு வருகிறது என்பதற்காக அப்படிப் போட்டிருக்கும். மூன்றாவது கம்பெனி சும்மா அச்சடித்திருக்கும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண் போட்டிருந்தாலும், குடையைக் காற்றுக்கு எந்தக் கோணத்தில் பிடித்துச் சோதித்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே லேபிளை விட்டுவிட்டுக் கம்பி, மூட்டு, துணி ஆகிய மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறோம்.

ஒரு வீச்சு அடிச்சா குடை ஏன் உடனே திரும்பிக்குது? காத்து அவ்வளவு பெருசா ஒண்ணும் இல்லையே?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாம் ஏமாறுவது இங்கேதான். விரித்தால் ஒரு மீட்டர் அகலம் வரும் சாதாரணக் குடையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 25 கி.மீ. காற்று அதன் உட்குழிவில் நேராக அடித்தால் ஏறத்தாழ 3 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல் இழுக்கும். ஒரு கையால் சமாளித்துவிடலாம். அதே காற்று 50 கி.மீ. ஆனால் இழுப்பு 13 கிலோ அளவுக்குப் போய்விடும். அரிசி மூட்டை ஒன்று குடைக்குள் திடீரென்று விழுந்தது போல. கம்பிகள் அந்த நேரத்தில்தான் திரும்புகின்றன.

ஆனால் அதே 50 கி.மீ. காற்று குடையின் மேல்பக்கக் கூம்பில் அடித்தால் இழுப்பு 4 கிலோவுக்கும் குறைவு. வளைவில் பட்டுக் காற்று வழுக்கி ஓடிவிடுகிறது. குழிவில் பட்டால் சிக்கிக்கொள்கிறது. அதனால் காற்று வரும் திசைக்குக் குடையின் தலையைச் சாய்த்துப் பிடிப்பதே எந்த விலைக் குடைக்கும் முதல் பாதுகாப்பு. மோட்டாரில் போகும்போது காற்று நீங்கள் போகும் வேகத்திலிருந்தே பிறக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறவர் குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டாலே அந்த 13 கிலோ அவர் கையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலை இடிமழையில் மிகக் கடுமையான காற்று பெரும்பாலும் மழைக்கு முன்னால் வருகிறது. மேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுவதால், சட்டென்று ஒரு குளிர் வீசும், காய்ந்த இலைகள் பறக்கும், பிறகுதான் பெரிய துளிகள் விழும். அந்த முதல் சில நிமிடங்கள் ஐந்தடி நடைபாதையிலோ ஸ்டேஷன் கூரைக்கடியிலோ நின்றுவிட்டுப் பிறகு குடையை விரித்தால் பாதிக் குடைகள் பிழைத்துக்கொள்ளும். மேற்குக் கரையில் விடியற்காலையிலும் காலையிலும் அடிக்கும் சுமத்ரா காற்று வேறு வகை. அது வரிசையாக வந்து ஒன்றிரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். அதை நின்று கழிக்க முடியாது.

ஸ்டீல் கம்பி நல்லதா, பைபர்கிளாஸ் நல்லதா? கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலிவுக் குடைகளில் இருப்பது தகட்டை மடித்துச் செய்த ஸ்டீல் கம்பி. வெட்டிப் பார்த்தால் சின்ன வாய்க்கால் போல இருக்கும். அது ஓரளவு வரை நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் போனால் மடங்கிவிடும். ஒரு தடவை மடங்கிய இடம் அடுத்த காற்றிலும் அதே இடத்தில் மடங்கும். அலுமினியம் எடை குறைவு, துரு பிடிக்காது. ஆனால் அதுவும் வளைந்தால் வளைந்ததுதான். பைபர்கிளாஸ் மூங்கில் குச்சி போல. நன்றாக வளைந்து, விட்டால் பழையபடி நிமிரும். தினமும் வெளியே போகிறவருக்கு அதுதான் பொருத்தம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. குடையை விரித்து ஒரு கம்பியின் நுனியைப் பிடித்து ஒரு சாண் அளவு மெதுவாக வளையுங்கள். பைபர்கிளாஸ் எதிர்ப்போடு வளைந்து, விட்டதும் துள்ளி நிமிரும். ஸ்டீல் நுனி விறைப்பாக இருக்கும். ஸ்டீலா அலுமினியமா என்ற சந்தேகம் வந்தால் போன் உறையில் இருக்கும் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பைபர்கிளாஸ் குடை" என்று விற்கப்படும் பல மடக்குக் குடைகளில் வெளி நுனிப் பகுதி மட்டுமே பைபர்கிளாஸ். நடுத்துண்டு மெல்லிய அலுமினியமோ ஸ்டீலோதான். அவற்றில் உடைவதும் அந்த நடுத்துண்டுதான், குறிப்பாக ரிவெட் அடித்த துளைக்குப் பக்கத்தில். ஆகவே நுனியை வளைத்துப் பார்த்துத் திருப்திப்படாமல், தண்டிலிருந்து கம்பியை முட்டுக்கொடுத்துத் தூக்கும் துண்டையும் பாருங்கள். அதுவும் உருண்டையான பைபர்கிளாஸாக இருந்தால் அந்தக் குடைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

16 கம்பி வச்ச குடை 8 கம்பிக் குடையைவிட ரெண்டு மடங்கு ஸ்ட்ராங்தானே?

இல்லை. கம்பிகள் கூடும்போது இரண்டு கம்பிகளுக்கு இடையில் இருக்கும் துணியின் அகலம் குறையும். அதனால் துணி காற்றில் படபடப்பது குறையும், குடையின் உருவம் கலையாது. அவ்வளவுதான். 16 மெல்லிய ஸ்டீல் வாய்க்கால்களைவிட 8 நல்ல பைபர்கிளாஸ் கம்பிகள் நீண்டு உழைக்கும். 16 கம்பிக் குடை கனமாகவும் இருக்கும். நெரிசலான ரயிலில் அதைக் கையில் வைத்திருப்பதே ஒரு வேலை.

நடுவுல காத்து போறதுக்கு ஓட்டை விட்ட ரெட்டைத் துணிக் குடை இருக்கே, அதுல மழை ஒழுகாதா?

சரியாகத் தைத்திருந்தால் ஒழுகாது. மேல்துணி கீழ்த்துணியின் மேல் ஓடு வேய்ந்தது போலப் படிந்திருக்கும். மேலே விழும் நீர் மேல்துணியில் ஓடிக் கீழ்த்துணியில் இறங்கிவிடும். குடைக்குள் சிக்கும் காற்று மேல்துணியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். மூன்றாவது கேள்வியில் சொன்ன இழுப்பு குறைவது இப்படித்தான்.

இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள். முதலில், உள்பக்கமிருந்து விரல்களை இடுக்கில் விட்டு மேல்துணியைத் தூக்கிப் பாருங்கள். சில மலிவுக் குடைகளில் அந்த மேல்துணி வெறும் அலங்காரம், சுற்றிலும் தைத்து மூடியிருக்கும். அடுத்து, மேல்துணி கீழ்த்துணியின் மேல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு விரல் அகலமாவது இருக்க வேண்டும். ஒரு விரல்தான் இருக்கிறது என்றால் பக்கவாட்டு மழையில் உச்சந்தலையில் சொட்டும்.

மூணு மடிப்புக் குடை பைக்குள்ள வைக்க வசதி. நீளக் குடைதான் உறுதின்னு சொல்றாங்களே?

சொல்வது உண்மைதான். நீளக் குடையில் ஒவ்வொரு கம்பியும் உச்சியிலிருந்து நுனி வரை ஒரே துண்டு. மூன்று மடிப்பில் அதே கம்பி பல துண்டுகளாகி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ரிவெட் வரும். தண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய்கள். விரித்த குடையின் கைப்பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். உச்சி நன்றாகத் தள்ளாடினால் குழாய்கள் தளர்வு. காற்றில் அந்தத் தளர்வுதான் முதலில் பெரிதாகும்.

ஆனால் வீட்டில் விட்டுவந்த நீளக் குடை எவ்வளவு உறுதியானாலும் நனைவது நீங்கள்தான். இங்கே காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு மாலை நான்கு மணிக்குக் கொட்டும். பைக்குள் கிடக்கும் குடைதான் கைகொடுக்கும். அதனால் எங்கள் கருத்து இது: பைக்குள் வைக்க 8 கம்பி, இரட்டைத் துணி, கையால் திறக்கும் மூன்று மடிப்புக் குடை. பட்டனை அழுத்தினால் திறந்து மூடும் வகையில் தண்டுக்குள் ஸ்பிரிங்கும் கயிறும் இருக்கும். கயிறு அறுந்தால் அதைக் கடையில் சரிசெய்வது கடினம். பஸ்ஸில் ஒரு கையால் ஏற வேண்டியவர்கள் மட்டும் அந்த வசதிக்காக அதை வாங்கலாம்.

190-டி, போஞ்சி, டெஃப்லான், சில்வர் கோட்டிங், பிளாக் கோட்டிங்… தலை சுத்துது. எதைத்தான் பாக்கணும்?

இதில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. 190-டி என்பது நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கான எண். ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நூல்களின் கூட்டுத்தொகை அது. எண் கூடினால் துணி நெருக்கம். போஞ்சி என்பது ஒரு வகை பாலியஸ்டர் துணி. கையில் மென்மையாக, சத்தமில்லாமல் இருக்கும். மலிவுக் குடைத்துணி கசக்கினால் பிளாஸ்டிக் பை போலச் சரசரக்கும்.

டெஃப்லான் போன்ற பெயர்கள் துணியின் மேல்பக்கம் கொடுக்கும் நீர் விலக்கும் பூச்சைக் குறிக்கின்றன. சேம்பு இலையில் தண்ணீர் உருளுமே, அது போலத் துளி ஒட்டாமல் உருண்டு விழும். குடையை ஸ்டேஷன் வாசலில் இரண்டு உதறு உதறினால் காய்ந்துவிடுவது இதனால்தான். ஆனால் இந்தப் பூச்சு நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை, ஒட்டவிடாமல் செய்கிறது, அவ்வளவே. தடுப்பது துணியின் உள்பக்கம் தடவிய பூச்சு. அது இல்லாத குடையில் பேய்மழை பெய்தால் துளிகள் உடைந்து நெசவுக்குள் புகுந்து, முகத்தில் பன்னீர் தெளித்தது போலத் தூவும். கடையில் சோதிக்க, துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் கைக்குத் தெரிந்தால் உள்பூச்சு இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது.

சில்வரும் பிளாக்கும் வெயிலுக்கானவை. மழைக்கும் அவை தடுப்பாகவே வேலை செய்யும், ஆனால் மடிப்பு விழும் கோடுகளில் சில்வர் பூச்சு முதலில் விரிசல் விட்டு உதிரும். விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் கடையிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை வேண்டும் என்பவர்கள் பிளாக் கோட்டிங் எடுக்கலாம். கொஞ்சம் கனம், ஆனால் வெளிச்சத்தை நன்றாக மறைக்கும்.

ரெயின்கோட்டுல 5,000, 10,000னு போட்டிருக்கு. அது என்ன கணக்கு?

மில்லிமீட்டர் கணக்கு. துணியை இறுக்கிப் பிடித்து அதன் மேல் நீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி தெரியும்போது அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயர நீருக்குச் சமம் என்று பார்ப்பார்கள். 5,000 என்றால் ஐந்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணை அந்தத் துணி தாங்கியது என்று அர்த்தம்.

நடந்து போகிறவருக்கு 3,000 தாராளம். மோட்டாரில் இரண்டு விதமான அழுத்தம் சேரும். வேகத்தோடு வந்து மோதும் துளி ஒன்று. நனைந்த சீட்டின் மேல் உட்காருவது இன்னொன்று. 65 கிலோ எடையுள்ளவர் உட்காரும்போது அந்த எடை சுமார் 1,000 சதுர செண்டிமீட்டரில் பரவுகிறது என்று வைத்தால் சராசரி அழுத்தம் 650 மி.மீ. நீருக்குச் சமம். எலும்பு அழுத்தும் இடங்களில் அது சில மடங்கு கூடும். ஆகவே மோட்டாருக்கு 5,000 வாங்கினால் போதுமானது, 10,000 இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போகும் எண்களுக்குப் பணம் கொடுப்பதைவிட, அடுத்த கேள்வியில் வரும் தையலுக்குக் கொடுங்கள்.

10,000 கோட்டு வாங்கிப் போட்டும் பட்டர்வொர்த்துலேர்ந்து பாயான் லெப்பாஸ் போய் இறங்குறதுக்குள்ள கால்சட்டை நனைஞ்சிடுது. ஏமாத்திட்டாங்களா?

எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் அது துணிக்கு மட்டும் போட்ட எண். கோட்டு என்பது துணித்துண்டுகளை ஊசியால் குத்தித் தைத்தது. ஒரு செண்டிமீட்டர் தையலில் மூன்று நான்கு துளைகள் விழும். அந்தத் துளைகளின் மேல் உள்பக்கமாக ஒரு நாடாவைச் சூடு வைத்து ஒட்டியிருந்தால்தான் தையல் நீரைத் தடுக்கும். ஒட்டாத கோட்டில் துணி 20,000 என்றாலும் பயனில்லை.

நீங்கள் சொல்லும் வழியில் பாலத்தைக் கடக்க வேண்டும். கடலின் மேல் தடுப்பே இல்லாத பக்கக்காற்று, மழை கிடையாகவே வரும். தண்ணீர் வயிற்றுப் பக்கம் வழிந்து மடியில் தேங்கி, சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும். கால்சட்டையின் நான்கு தையல்களும் ஒன்றுகூடும் இடம் சரியாக அங்கேதான். மேலே கணக்கிட்ட அழுத்தம் முழுவதும் அந்த முடிச்சின் மேல் விழுகிறது. நனைவது அந்த இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று உறுதிசெய்ய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பி, இடுப்பையும் கால்களையும் மேலே தூக்கிப் பிடித்துக் கவட்டைப் பகுதியைப் பை போல ஆக்குங்கள். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். நாடா ஒட்டிய பக்கம் இப்போது வெளியே இருப்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியும். உள்ளே நிற்கும் நீரின் உயரம் ஒரு சாணுக்குள்தான், அதாவது 200 மி.மீ. அளவு. அந்த அழுத்தத்துக்கே தையல் வழியாகச் சொட்டினால் குற்றம் துணியில் இல்லை, தையலில். தையல் காய்ந்திருந்து துணிப்பரப்பில் ஈரம் பூத்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள்.

இரண்டும் கசியவில்லையா? அப்படியானால் தண்ணீர் மேலிருந்து வருகிறது. கழுத்து வழியாகவோ, முன்பக்க ஜிப் வழியாகவோ இறங்கி இடுப்பில் சேர்கிறது. ஜிப்பின் மேல் மூடும் மடிப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். மணிக்கட்டில் உள்ளே ஒரு ரப்பர் வளையம் வேண்டும், ஏனென்றால் ஹேண்டிலைப் பிடித்த கை மேல்நோக்கி இருப்பதால் தண்ணீர் முழங்கைக்குள் ஓடும். மேல்சட்டை கால்சட்டைக்கு வெளியே, கால்சட்டை காலணிக்கு வெளியே. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பூட்ஸுக்குள் கால்சட்டையைச் செருகி இரண்டு பூட்ஸையும் வாளியாக ஆக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

தையல் மட்டும் கசிந்தால் தையல் அடைக்கும் பசை கிடைக்கும். உள்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, தையல் கோட்டின் மேல் விரல் அகலத்துக்கு மெல்லிசாகத் தடவி ஓர் இரவு விடுங்கள். உள்பூச்சு பியூவாக இருந்தால் பியூவுக்கான பசை, பிவிசி என்றால் பிவிசிக்கான பசை. மாற்றித் தடவினால் தோலாக உரிந்து வரும்.

பிவிசி, பியூன்னு ரெண்டு சொல்றாங்க. எது?

பிவிசி கோட்டில் பிளாஸ்டிக்தான் தடுப்பு. விலை குறைவு, தண்ணீர் புகாது, மூட்டுகளைச் சூட்டிலேயே ஒட்டிவிடலாம் என்பதால் தையல் துளைப் பிரச்சினையும் குறைவு. ஆனால் கனம், வேர்வை, மடித்த இடத்தில் வெடிப்பு. பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல வெளியேறுவதால் அது விறைத்துப் போகும்.

பியூ என்பது பாலியஸ்டர், நைலான் துணியின் உள்பக்கம் தடவும் மெல்லிய படலம். இலகு, சின்னதாக மடியும். தினமும் பையில் கொண்டு போகிறவர் பியூ எடுக்கலாம். மோட்டார் பெட்டியில் நிரந்தரமாகப் போட்டு வைத்து எப்போதாவது எடுப்பவருக்குப் பிவிசியே பரவாயில்லை. காரணம் அடுத்த பதிலில்.

ரெண்டு வருஷம்கூட ஆகல, கோட்டு உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது, வெள்ளையா உரியுது. வாடையும் வருது.

பியூ பூச்சு சிதைந்துவிட்டது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பியூவின் வேதிப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. முதலில் பிசுபிசுப்பு, பிறகு புளித்த வாடை, கடைசியில் உரிதல். ஈரக் கோட்டைச் சுருட்டி கப்சாயின் சீட்டுக்கடியில் வைத்து மூடுவது இதற்கென்றே செய்த ஏற்பாடு போல. கீழே இன்ஜின் சூடு, மேலே வெயில், நடுவில் ஈரம்.

உரிய ஆரம்பித்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பசை, மெழுகு எதுவும் நிற்காது, ஏனென்றால் அவை ஒட்ட வேண்டிய தளமே உதிர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த கோட்டுக்கு: வீட்டுக்கு வந்ததும் முதலில் உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் தொங்கவிடுங்கள், காய்ந்தபின் திருப்பிப் போடுங்கள். ஆபீசில் நாற்காலி முதுகில் போட்டாலே போதும். காய்ந்ததைத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

"பிரீத்தபிள்" கோட்டு வேர்க்காதுன்னு மூணு மடங்கு விலை. வாங்கலாமா?

இந்த ஊருக்கு அவ்வளவு கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அந்தத் துணி வேலை செய்வது உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசத்தால். குளிர் நாட்டில் வெளிக்காற்று 5 பாகையில் இருக்கும்போது அந்த வித்தியாசம் பெரியது. இங்கே மழை நேரத்தில் வெளியே 25 பாகை, காற்று முழுக்க ஈரம். உந்துவிசை ஏறத்தாழ பாதியாகிவிடும். மேல்துணி நனைந்து ஊறினால் இன்னும் குறையும்.

அதற்குப் பதிலாகக் காற்றோட்டம் பாருங்கள். முதுகில் மடிப்புக்கடியில் வலைத்துணித் திறப்பு, அக்குளில் திறப்பு, உள்ளே வலைத்துணி விரிப்பு. இவை இருந்தால் சாதாரண பியூ கோட்டும் தாங்கக்கூடியதாக இருக்கும். உள்ளே ஈரமாக இருந்தால் அது மழையா வேர்வையா என்று முதலில் பாருங்கள். முதுகும் அக்குளும் சீராக ஈரமாக இருந்தால் வேர்வை. கோடாகவோ திட்டாகவோ இருந்தால் கசிவு.

புதுசா இருந்தப்போ தண்ணி உருண்டு விழுந்துச்சு, இப்போ துணி நனைஞ்சு ஊறுது. கோட்டைத் தூக்கிப் போடணுமா?

உள்பூச்சு நன்றாக இருந்தால் வேண்டாம். போனது மேல்பக்கத்து நீர் விலக்கும் பூச்சு மட்டும். அழுக்கும் சோப்பு எச்சமும் படிந்தாலே அது செயலிழக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், கொஞ்சம் திரவ சோப்பில் துவைத்து, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது, அது பூச்சை அப்படியே மூடிவிடும்.

காய்ந்தபின், பியூ கோட்டுக்கு மட்டும், மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள். லேபிளில் இஸ்திரி கூடாது என்ற குறி இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சூடு பட்டதும் சாய்ந்து கிடந்த பூச்சு மீண்டும் எழும், துளிகள் உருளும். உருளவில்லை என்றால் தெளிப்பானில் வரும் புதுப் பூச்சு அடிக்க வேண்டும். பிவிசி மேல் இஸ்திரி வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

போஞ்சோ மலிவா கிடைக்குதே? சட்டுனு மாட்டிக்கலாம்.

நடப்பவருக்குச் சரி. மோட்டாருக்குக் கூடாது. காற்றில் எழும்பி முகத்தை மூடும், ஓரம் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கும்.

பைபர்கிளாஸ் குடை மின்சாரம் கடத்தாது. அப்போ இடி மின்னல்ல தைரியமா போகலாமா?

போகக் கூடாது. திறந்த வெளியில் நிற்கும்போது ஆபத்து குடைத்தண்டின் உலோகத்தால் மட்டும் வருவதில்லை. சுற்றியுள்ளவற்றில் உயரமாக நிற்பது நீங்கள் என்பதால் வருகிறது. மேலும் நனைந்த பைபர்கிளாஸின் மேல் ஓடும் நீர் மின்சாரத்தைக் கடத்தும். முன்பே சொன்னபடி பல குடைகளில் பாதி உலோகம்தான். இடி காதில் கேட்டாலே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியும் பஸ் நிறுத்தக் கூரையும் அதற்குச் சமமாகாது.

துணி ஒரு கம்பி நுனியிலேர்ந்து கழண்டு தொங்குது. மத்தபடி குடை நல்லா இருக்கு.

தைத்துவிடலாம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், அதனால் பாலியஸ்டர் நூல் எடுங்கள். குடையைப் பாதி விரித்த நிலையில் வைத்து, நுனித் தொப்பியின் துளை வழியாக நான்கைந்து சுற்றுச் சுற்றி, துணியின் மடித்த ஓரத்தில் முடிச்சுப் போடுங்கள். முழுக்க விரித்துத் தைத்தால் இழுப்பில் துணி கிழியும், மூடித் தைத்தால் விரிக்கும்போது நூல் அறுபடும். கையோடு ஒவ்வொரு ரிவெட்டிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

ரிவெட் அடித்த துளையே கிழிந்திருந்தால் அந்தக் கம்பியைக் கட்டி வைத்துப் பயனில்லை. பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் ஏற்று அடுத்த வீச்சில் அவையும் மடங்கும்.